யாழ்ப்பாணச் சீதன உறுதியை நோர்வேஜிய மொழிக்கு மாற்றின அனுபவம் ஆருக்கும் இருக்கா?

சுபா, ஒஸ்லோ
ஒரு தம்பதியின்ரை இரண்டு பத்திரம் கையிலை இருக்கு. ஒன்று 1986ஆம் ஆண்டுச் சீதன உறுதி. மற்றது அந்தக் காணியிலை ஒரு துண்டை மனைவி 1994இல் வித்த அறுதி உறுதி. விவாகரத்து வழக்குக்காக மனைவியின்ரை சட்டத்தரணி கேட்கிறார். எங்கடை லெக்சின் அகராதி நோர்வேஜியச் சொல்லிலிருந்து தமிழுக்குத்தான் போகுது, அதுவும் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடப் பேச்சுக்குத்தான் உதவும். சீதனம், தேடியதேட்டம், நொத்தாரிசு, பரப்பு எண்டு ஒன்றும் அதிலை இல்லை. இப்பிடிப் பத்திரம் செய்தவை என்ன செய்தனீங்கள் எண்டு எழுதுங்கோ.

நிமலன்
ஏன் கஷ்டப்படுறியள்? முதல் ஆங்கிலத்துக்கு மாத்துங்கோ, பிறகு ஆங்கிலத்திலிருந்து நோர்வேஜியத்துக்குப் போங்கோ. யாழ்ப்பாணத் தமிழரின்ரை வழமைச் சட்டமான தேசவழமை பற்றின வழக்குத் தீர்ப்பெல்லாம் ஆங்கிலத்திலைதானே கிடக்கு. சீதனத்துக்கு 'மெட்யிஃப்ட்', நொத்தாரிசுக்கு 'நோட்டாரியுஸ் பூப்ளிக்குஸ்', தேடியதேட்டத்துக்கு 'ஃபெல்லஸ்ஐய'. நான் அப்பிடித்தான் ஒருக்கா செய்து குடுத்தனான், ஒருத்தரும் திருப்பி அனுப்பேல்லை.

கலா, பேர்கன்
தம்பி நிமலன், தீர்ப்புகளை வாசிக்கச் சொன்னது சரி. தேசவழமையை விளங்கிக்கொள்ள அதை விட நல்ல இடம் இல்லை. ஆனால் அங்கையிருந்து சொல்லை எடுத்து இங்கை வைக்கேலாது. நீங்கள் சொன்ன மூண்டும் நோர்வேக்காரருக்கு வேறை அர்த்தம் குடுக்கும்.

நொத்தாரிசைப் பாருங்கோ. இங்கத்தைய நோட்டாரியுஸ் பூப்ளிக்குஸ் பெரும்பாலும் கையொப்பத்தையும் பிரதியையும் உறுதிப்படுத்துறவர். எங்கடை பிரசித்த நொத்தாரிசு உறுதியைத் தானே எழுதி, இரண்டு சாட்சிகளுக்கு முன்னாலை கையொப்பம் வாங்கி, காணிப் பதிவகத்துக்கும் அனுப்புறவர். ஆகவே நான் 'இலங்கை நொத்தாரிசு, உறுதியை எழுதி அத்தாட்சிப்படுத்தியவர்' எண்டு விரிச்சு எழுதுவன். நீளம்தான், ஆனால் ஆரையும் பிழையா நினைக்க வைக்காது.

சுபா, உங்கடை அறுதி உறுதியிலை புருசனும் கையொப்பம் வைச்சிருக்கிறாரா?

சுபா
ஓம் அக்கா. மனைவி வித்தது எண்டு இருக்கு, கீழை இரண்டு பேரும் கையொப்பம் வைச்சிருக்கினம். சட்டத்தரணியும் அதைத்தான் கேட்டவர், காணி ரெண்டு பேருக்கும் சொந்தமோ எண்டு.

கலா, பேர்கன்
நானும் அதைத்தான் எதிர்பார்த்தனான். 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி சீதனக் காணி மனைவியின்ரை தனிச் சொத்து. ஆனால் அசையாச் சொத்தை விக்கிறதெண்டால் புருசனின்ரை எழுத்துச் சம்மதம் வேணும். அவர் கையொப்பம் வைச்சது சொந்தக்காரராக இல்லை, சம்மதம் சொன்னவராக.

இதை எழுத எந்த அகராதியும் எனக்கு உதவேல்லை. நோர்வே காணி மாற்றப் பத்திரம் இருக்கெல்லே, 'ஷொய்த்த' எண்டு சொல்லுவினம். நிலப் பதிவு அலுவலகத்தின்ரை வெற்றுப் படிவத்தை எடுத்து வரிவரியா வாசிச்சன். குடும்பம் குடியிருக்கிற வீட்டை ஒருவர் விக்கேக்கை மற்றவர் சம்மதம் சொல்லக் கையொப்பம் வைக்க அதிலை ஒரு கட்டம் இருக்கு. 1991 திருமணச் சட்டத்திலை வர்ற நிபந்தனை அது. காரணம் வேறைதான், ஆனால் ஒருவர் சொந்தக்காரர், மற்றவர் சம்மதிக்கிறவர் எண்ட உறவு ஒன்றுதான். அந்தக் கட்டத்திலை இருக்கிற வாசகத்தையே எடுத்து வைச்சன். வாசிக்கிற சட்டத்தரணிக்குப் பழகின வரி எண்டபடியால் கேள்வியே வரேல்லை.

நிமலன்
சரி அக்கா, அதை ஒப்புக்கொள்ளுறன். ஆனால் தேடியதேட்டம் ஃபெல்லஸ்ஐய இல்லையெண்டால் வேறை என்ன? இரண்டும் கலியாணத்துக்குப் பிறகு பொதுவாகிற சொத்துத்தானே?

கலா, பேர்கன்
பேரைப் பார்த்தால் 'கூட்டுடைமை' மாதிரி இருக்கும், அதாலைதான் எல்லாரும் வழுக்குறது. நோர்வேயிலை ஃபெல்லஸ்ஐய எண்டால் ஆளாளுக்குத் தங்கடை சொத்து தங்கடை பேரிலைதான். பிரியேக்கை மட்டும் பங்கு வரும். கலியாணத்துக்கு முன்னம் வந்ததும் அதுக்குள்ளை அடங்கும், ஆனால் அதையும் நன்கொடையாயோ முதுசமாயோ வந்ததையும் பங்கிலிருந்து கழிக்கச் சொல்லிக் கேட்கலாம். அந்தக் கேட்புக்கு 'ஷேவ்டேலிங்' எண்டு பேர். தேடியதேட்டம் அப்பிடியில்லை, கலியாண காலத்திலை விலை கொடுத்துத் தேடினதும் தனிச் சொத்திலிருந்து அந்தக் காலத்திலை வந்த இலாபமும் மட்டும்தான்.

அதனாலை நான் தேடியதேட்டத்தை ஒலிபெயர்ப்பிலை வைச்சு, பக்கத்திலை 'திருமண காலத்தில் விலை கொடுத்துப் பெற்ற சொத்தும் தனிச் சொத்திலிருந்து வந்த இலாபமும்' எண்டு நோர்வேஜியத்திலை எழுதுவன். சீதனத்தையும் அப்பிடித்தான், 'பெற்றோர் மகளுக்குத் திருமணத்தை ஒட்டிக் கொடுத்த காணி' எண்டு. மெட்யிஃப்ட் எண்டு மட்டும் போட்டால் மாப்பிள்ளைக்குக் குடுத்தது எண்டு நினைப்பினம். உங்கடை வழக்கிலை காசு தங்கியிருக்கிறதே அதிலைதான்: மகளுக்கு வந்ததெண்டால் அவ ஷேவ்டேலிங் கேட்கலாம். ஆனால் 'ஷேவ்டேலிங்' எண்ட சொல்லை மொழிபெயர்ப்புக்குள்ளை போடாதேங்கோ, அது சட்டத்தரணி சொல்ல வேண்டியது.

ரவி, ஸ்தவாங்கர்
பள்ளிக்கூடத்திலையிருந்து வர்ற கடிதங்களைத் தமிழுக்கு மாத்திற ஆக்கள் ஆரும் தெரியுமா? மகனுக்கு ஒன்று வந்திருக்கு.

சுபா
ரவி அண்ணா, இது மற்றப் பக்கத்து வேலை. தனியா ஒரு கேள்வி போடுங்கோ, பாக்கிறன்.

ஒரு ஓய்வுபெற்ற நொத்தாரிசு, யாழ்ப்பாணம்
பிள்ளை, பரப்பைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. 16 பரப்பு ஒரு ஏக்கர். அதாவது ஒரு பரப்பு 10 பேர்ச், உத்தேசமாய் 253 சதுர மீற்றர். உறுதியிலை பரப்பு எண்டிருந்தால் கஷ்டம் இல்லை. 'லாச்சம்' எண்டிருந்தால் வரகுக் கணக்கோ நெல்லுக் கணக்கோ எண்டு பார். வரகு லாச்சத்துக்கு 18 குழி, அதாவது ஒரு பரப்பு; நெல்லு லாச்சத்துக்கு 12 குழி. 4 லாச்சம் எண்டதை வரகுக் கணக்கிலை எடுத்தால் 1,012 சதுர மீற்றர் வரும், நெல்லுக் கணக்கிலை 674 தான். வயல் காணியை வரகுக் கணக்கிலை மாத்தினால் அரைப்பங்கு காணி கூடிப்போகும். நில அளவைப் படம் இணைச்சிருந்தால் அதோடை ஒத்துப்பார்.

என்னட்டைக் கேட்கிற பிள்ளையள் 'இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்' எண்டுதான் கேட்கினம். நான் ஒரு சொல்லைச் சொன்னால் அது உங்கடை நாட்டுச் சட்டத்திலை என்னவாகும் எண்டு எனக்கென்ன தெரியும்? 'இந்தக் காணியை ஆர் விக்கலாம், ஆர் செத்தால் ஆருக்குப் போகும்' எண்டு கேள். அதுக்கு என்னாலை மறுமொழி சொல்லலாம்.

கலா, பேர்கன்
ஐயா சொல்லுறதுதான் நான் செய்யிறதும். அந்த மறுமொழியை வைச்சு ஒரு வரி எழுதி, இங்கத்தைய சட்டத்தரணி ஒருவரிட்டை குடுத்து 'இதை வாசிச்சு இந்தக் காணி ஆருக்குச் சொந்தம் எண்டு சொல்லுங்கோ' எண்டு கேட்பன். ஐயா சொன்னதும் அவர் சொல்லுறதும் ஒன்றாய் வந்தால் அந்தச் சொல் என்ரை அட்டவணைக்குள்ளை போகும், எந்தப் பத்திரம், எந்தப் படிவத்திலை எடுத்தது, ஆர் பார்த்தது எண்டதோடை.

நிமலன்
இவ்வளவு விளக்கத்தையும் மொழிபெயர்ப்புக்குள்ளை எழுதினால் நாங்கள் மொழிபெயர்ப்பாளரோ சட்ட ஆலோசகரோ? மூலத்திலை 'சீதனம்' எண்டு ஒரு சொல், எங்கடையிலை ஒரு வசனம். எதிர்த்தரப்பு கேட்டால் என்ன சொல்லுவியள்?

கலா, பேர்கன்
அது நியாயமான கேள்வி. நான் சதுர அடைப்புக்குள்ளை மொழிபெயர்ப்பாளர் குறிப்பு எண்டு தெளிவாப் போட்டுத்தான் எழுதுறன். அதையும் வேண்டாம், ஒலிபெயர்ப்பு மட்டும் போதும் எண்டு சொல்லுற சக மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கினம். நாங்கள் இன்னும் ஒத்துப்போகேல்லை.

சுபா
இரண்டு உறுதியையும் திரும்பப் பாத்தன். சீதன உறுதியிலை '4 லாச்சம்' எண்டுதான் இருக்கு, வயல் எண்டு எல்லை விபரத்திலை வருது. நில அளவைப் படம் இல்லை. ஐயா, வேறை எப்பிடிக் கண்டுபிடிக்கலாம்? இன்னொன்று, பெற்றோர் 'சீவிய உரித்தை' வைச்சுக்கொண்டு குடுத்திருக்கினம். குடியிருக்கிற உரிமை மட்டும் எண்டு எழுதுறதோ, விளைச்சலையும் சேர்க்கிறதோ?

ஒரு ஓய்வுபெற்ற நொத்தாரிசு, யாழ்ப்பாணம்
விளைச்சலும் சேர்த்துத்தான் பிள்ளை, சீவிய உரித்தெண்டால் அனுபவம் முழுக்க. வயலெண்டால் நெல்லுக் கணக்காய்த்தான் இருக்கும், ஆனால் அதை நம்பி எழுதாதே. பழைய காணிப் பதிவேடான தோம்பிலையோ முந்தைய உறுதியிலையோ அதே காணிக்குக் குழிக் கணக்கு இருக்கும். காணிப் பதிவகத்திலை அந்த மடிப்பின்ரை பிரதியை எடுப்பிச்சுப் பார்.