புதுப்பிப்பு: டெங்கியும் பித்தப்பைத் தடிப்பும்

முன்பு இங்கே நான் கேட்டது: “கணவருக்கு டெங்கி. ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது, ஆனால் ஸ்கேனில் பித்தப்பைச் சுவர் தடித்திருக்கிறதாம். அறுவை சிகிச்சை செய்யணுமா?”

செய்யவில்லை. நேற்று ஈசூனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

பித்தப்பைக் கல்லாக இருக்கும் என்று பதில் எழுதிய அண்ணனுக்கு: கல்லாலும் சுவர் தடிக்கும்தான், ஆனால் இவருக்குக் கல் இல்லை. ஸ்கேன் எடுக்கும் வேலையில் இருக்கும் அக்கா இங்கே எழுதியதே பொருந்தியது. டெங்கியில் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து பித்தப்பைச் சுவருக்குள் தேங்குகிறது. 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டிய சுவர் 7 மி.மீ. இருந்தது. வலது நுரையீரலுக்கு அடியில் கறுப்பாக ஒரு பிறை தெரிந்தது, அதுவும் கசிந்த நீர்தான்.

காய்ச்சல் இறங்கியதும் நிம்மதியானேன். கசிவு உச்சத்துக்குப் போகும் நேரமே அதுதான்! அன்று, நீர் கசிந்து இரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது என்று காட்டும் ஹீமட்டோக்ரிட் 42இலிருந்து 50க்கு ஏறியது. இரண்டு நாளில் 43 ஆனதும் டிரிப்பை நிறுத்தினார்கள். கசிந்த நீர் குழாய்க்குத் திரும்பும் நேரத்தில் மேலும் ஏற்றினால் நுரையீரலில் நீர் சேர்ந்து மூச்சுத் திணறுமாம். எட்டாம் நாள் சுவர் 4 மி.மீ., பிறை மெல்லிய கோடாகிவிட்டது.

ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. முதல் ஸ்கேனுக்கு முன் மைலோ குடித்திருந்தார். சாப்பிட்டபின் பித்தப்பை சுருங்கும், அப்போதும் சுவர் தடிப்பாகத் தெரியும். அந்த 7இல் மைலோவின் பங்கு எவ்வளவோ, அக்காதான் சொல்லணும்.

பப்பாளி இலைச் சாறு பற்றி எழுதிய தங்கைக்கு: அது இரத்தத் தட்டணுவை ஏற்றும் என்கிறார்கள், ஆனால் நான் கேட்டது தட்டணு பற்றி இல்லைம்மா. உங்கள் அப்பாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது?