ரேஸ் கார்டில் எண் வரிசை, கிளாஸ், ஓய்வு நாள், எடை: ஒன்றோடொன்று சேர்த்துப் படிப்பது

சுந்தர்

பிரிட்டனில் கெம்ப்டன் மைதானத்துப் புதன்கிழமை மாலை கார்டு ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ரேட்டிங்குக்கு ஏற்ப எடை ஏற்றி ஓடவிடும் ஒரு மைல் ஹேண்டிகேப் ரேஸ், கிளாஸ் 5, ரேட்டிங் 0-70. குதிரைகளின் பெயரை விட்டுவிட்டு இரண்டு வரிகளை மட்டும் கீழே போட்டிருக்கிறேன். கார்டு எண், பழைய ஓட்டங்கள், கடைசியாக ஓடி எத்தனை நாள், வயது, எடை, ரேட்டிங் என்ற வரிசையில் இருக்கிறது.

```
2   0-3121    9    4   9-11       66
7   3570-08   31   5   9-4  (5)   64
```

2ஆம் எண்ணின் எடைக்குப் பக்கத்தில் 5 பவுண்டு தண்டனை எடை என்று குறிப்பு இருக்கிறது. 7ஆம் எண்ணில் அடைப்புக்குள் இருக்கும் 5 ஜாக்கி பெயருக்குப் பக்கத்தில் இருந்தது. ஒன்று ஜெயித்துக்கொண்டே வருகிறது, இன்னொன்று தோற்றுக்கொண்டே வருகிறது. இதற்கு மேல் இந்த எண்களில் படிக்க என்ன இருக்கிறது?

பாலு

வலது ஓரத்தில் இருப்பதுதான் கடைசி ஓட்டம். முதலில் அதைப் பார்க்க வேண்டும், பிறகு இடப்பக்கமாகப் பின்னோக்கிப் போக வேண்டும். கோடு போட்டிருந்தால் வருடம் மாறியிருக்கிறது என்று பொருள். 0 என்றால் கடைசியாக வந்தது. எடையைப் பொறுத்தவரை கணக்கு எளிது: குறைவாகச் சுமக்கிற குதிரைக்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆகவே 9-4 இருக்கிற 7ஆம் எண்ணைப் பாருங்கள்.

தேவகி

பாலு, வலது ஓரமும் கோடும் நீங்கள் சொன்னபடிதான். 0 மட்டும் அப்படி இல்லை. முதல் ஒன்பது இடத்துக்குள் வராத எல்லாவற்றுக்கும் 0தான் போடுவார்கள். பதினான்கு குதிரை ஓடிய ரேஸில் பத்தாவதாக வந்ததற்கும் 0, பதினான்காவதாக வந்ததற்கும் 0. முதல் குதிரைக்கு ஐந்து குதிரை நீளம் பின்னால் முடித்ததும், ஐம்பது நீளம் பின்னால் முடித்ததும் அந்த ஒரே குறிக்குள் அடங்கிவிடுகின்றன. அதேபோல ஆறு குதிரை ஓடிய இடத்தில் வாங்கிய 3 பெரிய விஷயமில்லை.

அதனால் எண் வரிசையைப் பார்த்ததும் முடிவுக்கு வராமல், கீழே அந்தக் குதிரையின் பழைய ஓட்டங்கள் விவரமாக இருக்கும் இடத்துக்குப் போங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எத்தனை குதிரை ஓடியது, எத்தனை நீளத்தில் தோற்றது, எந்த கிளாஸ், எந்த ரேட்டிங்கில் ஓடியது என்ற நான்கும் அங்கே இருக்கும். கிளாஸ் `C6Hc` என்பது போல இருக்கும். அது ஆறாம் கிளாஸ் ஹேண்டிகேப். பிரிட்டனில் கிளாஸ் 1 உச்சம், 7 அடிமட்டம். எண் கூடக்கூடத் தரம் இறங்குகிறது என்பதைப் புதியவர்கள் பலர் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

சுந்தர், அந்த இரண்டு குதிரைகளுக்கும் இந்த விவரங்களைப் போடுங்கள், பிறகு பேசலாம்.

சுந்தர்

2ஆம் எண்: அந்த 3121 நான்கும் கிளாஸ் 6. கடைசி வெற்றி ஒன்பது நாளுக்கு முன், திங்கட்கிழமை, ரேட்டிங் 66இல், இரண்டரை நீளத்தில்.

7ஆம் எண்: இந்த வருட ஓட்டங்கள் இரண்டும் கிளாஸ் 4. முதலில் ரேட்டிங் 70இல் ஓடி, 14 குதிரைகளில் பத்தாவது, ஐந்து நீளம் பின்னால். அடுத்தது ரேட்டிங் 67இல், 12 குதிரைகளில் எட்டாவது, நான்கு நீளம் பின்னால். எல்லாமே ஒரு மைல்தான்.

கிண்டி வாசு

எனக்கு இதில் ஒரு குழப்பம். என்னிடம் இருக்கிற கிண்டி கார்டில் எடை 58.5 என்று போட்டிருக்கிறது. உங்களுடையதில் 9-11. அது 9 கிலோ 11 கிராமாக இருக்க முடியாதே? கிண்டியில் 58.5 சுமக்கிற குதிரையை வெட்டிவிடலாமா?

தேவகி

வாசு சார், உங்களுடையது கிலோ, சுந்தருடையது ஸ்டோனும் பவுண்டும். ஒரு ஸ்டோனுக்கு 14 பவுண்டு. 9-11 என்றால் 137 பவுண்டு, கிலோவில் 62க்குச் சற்றுமேல். ஜாக்கியும் சேணமும் சேர்ந்த எடை அது. இங்கே ஒரு ரேட்டிங் புள்ளிக்கு ஒரு பவுண்டு, நம் ஊர் கார்டில் ஒரு புள்ளிக்கு அரை கிலோ. அளவுதான் வேறு, தர்க்கம் ஒன்றே. ஆகவே 58.5 என்பதற்காக வெட்ட வேண்டாம். ஹேண்டிகேப்பில் அதிக எடை சுமக்கிற குதிரைதான் அந்த ரேஸிலேயே அதிக ரேட்டிங் உள்ள குதிரை. பாலு சொன்ன 'எடை குறைந்தால் வாய்ப்பு கூடும்' என்பது இரண்டு குதிரைகளும் சமமான திறமை என்றால் சரி. சமமில்லை என்பதால்தானே எடையே மாறுகிறது?

சுந்தருடைய வரிகளிலேயே பாருங்கள். ரேட்டிங் 64 உள்ளது 9-4 சுமக்கிறது. 66 உள்ளது இரண்டு பவுண்டு கூடுதலாக 9-6 சுமக்க வேண்டும். ஆனால் கார்டில் 9-11 இருக்கிறது. அந்த ஐந்து பவுண்டுதான் திங்கட்கிழமை வெற்றிக்கான தண்டனை.

குகன் (லண்டன்)

தேவகி அக்கா சொன்ன இடத்திலதான் அந்த 9 நாளுக்கும் விளக்கம் இருக்கு. கனபேர் ஓய்வு நாளைத் தனியா வைச்சுப் பார்த்து, 'ஒன்பது நாளில திரும்ப ஓடுது, களைச்சுப் போயிருக்கும்' எண்டு விட்டிடுவினம். ஏன் இவ்வளவு அவசரமா ஓடவிடுகினம் எண்டு கேளுங்கோ.

பிரிட்டிஷ் ஹார்ஸ்ரேசிங் அதாரிட்டி புது ரேட்டிங்கைச் செவ்வாய்க்கிழமைகளில வெளியிடும். இந்தப் புதன்கிழமை ரேஸுக்குப் பெயர் குடுத்தது போன கிழமை. அப்ப பழைய 66தான் கணக்கில இருந்தது. பிறகு புது ரேட்டிங் கூட வந்தாலும் இந்த ரேஸில எடை மாறாது, அந்த ஐந்து பவுண்டுத் தண்டனையோட சரி. சுந்தர் தம்பி, நேற்று வந்த புது ரேட்டிங் என்னெண்டு பாருங்கோ.

சுந்தர்

73 என்று இருக்கிறது, அண்ணா.

குகன் (லண்டன்)

அப்ப இந்தக் குதிரை 73 திறமை எண்டு அதிகாரியே சொல்லுறார், ஆனா இண்டைக்குச் சுமக்கிறது 71க்கு உரிய எடை. இரண்டு பவுண்டு மிச்சம். அதைவிட முக்கியம், 73 எண்டு பதிவான பிறகு 0-70 ரேஸுக்குப் பெயரே குடுக்க ஏலாது. இந்தத் தரத்தில ஓட இதுதான் கடைசிச் சந்தர்ப்பம். டிரெய்னர் ஒன்பது நாளில திரும்பக் கொண்டுவாறது அதுக்குத்தான்.

பாலு

நல்ல விளக்கம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஓய்வு நாள் 100ஐத் தாண்டிவிட்டால் நான் அந்தக் குதிரையைத் தொடமாட்டேன். அதில் தவறே இல்லை.

குகன் (லண்டன்)

அண்ணை, அது ஓகஸ்ட்டில சரி. ஏப்ரலில அப்பிடி வெட்டினால் புல்தரை ரேஸில அரைவாசிக் குதிரை போயிடும். ஒக்டோபரில ஓடி முடிச்சுக் குளிர்காலம் முழுக்க லாயத்தில நிண்டது, ஏப்ரலில 180 காட்டத்தான் செய்யும். அப்ப பார்க்கவேண்டியது அந்தக் குதிரை போன வருடங்களில முதல் ஓட்டத்தில எப்பிடி ஓடினது எண்டு. எண் வரிசையில ஒவ்வொரு கோட்டுக்கும் வலப்பக்கத்து முதல் எண் அதைச் சொல்லும்.

நடுப்பருவத்தில 120 நாள் எண்டால் காரணம் தேடுங்கோ. சுவாசக்குழாய் சத்திரசிகிச்சை செய்திருந்தால் 2018 ஜனவரியில இருந்து அதை அறிவிக்கவேணும், கார்டிலயும் குறி இருக்கும். குறி ஒண்டும் இல்லாமல் நீண்ட இடைவெளி எண்டால் காயமாயும் இருக்கலாம், அதைக் கார்டு சொல்லாது. எண் வரிசையில சாய்கோடு வந்தால் இன்னும் கவனம். ஒரு பருவம் முழுக்க ஓடாமல் விட்ட குதிரை அது.

தேவகி

இப்போது 7ஆம் எண்ணுக்கு வருவோம். பாலு இதைத்தான் முதலில் சொன்னார், காரணம்தான் வேறு.

போன ஓட்டம் எட்டாமிடம், நான்கு நீளம் பின்னால். ஒரு மைலில் ஒரு நீளத்தை ஏறக்குறைய இரண்டு பவுண்டாகக் கணக்கிடலாம். (ஐந்து பர்லாங்கில் ஒரு நீளம் மூன்று பவுண்டு, இரண்டு மைல் ரேஸில் ஒரு பவுண்டுதான். தூரத்தைப் பார்க்காமல் இந்தக் கணக்கைப் போடக் கூடாது.) ஆக, அன்று தோற்றது எட்டுப் பவுண்டில். அதன் பிறகு ரேட்டிங் 67இலிருந்து 64க்கு இறங்கியதில் மூன்று பவுண்டு குறைந்தது. ஜாக்கி பெயருக்குப் பக்கத்து 5 என்பது பயிற்சி ஜாக்கிக்குத் தரும் சலுகை, அதில் இன்னொரு ஐந்து போகிறது. 9-4 அச்சில்தான், உண்மையில் சுமக்கப்போவது 8-13. மொத்தம் எட்டு. அன்று வென்ற குதிரையோடு இன்று மோதினால் காகிதத்தில் சரிக்குச் சரி. அந்தக் குதிரையோ இங்கே இல்லை. இது ஒரு படி கீழே கிளாஸ் 5.

`0-3121` அழகாக இருக்கிறது, `3570-08` அசிங்கமாக இருக்கிறது. ஆனால் முதலாவது கிளாஸ் 6இலிருந்து ஏறி வருகிறது, இரண்டாவது கிளாஸ் 4இலிருந்து இறங்கி வருகிறது. இருவரும் ஒரே ரேஸில் சந்திக்கும்போது எண்களை நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பது தப்பு.

குகன் (லண்டன்)

அக்கா, கணக்கு சரி. அந்த ஐந்து பவுண்டை முழுசா வரவு வைக்கிறதில எனக்கு உடன்பாடு இல்லை. 5 சலுகை எண்டால் அந்தப் பொடியன் இன்னும் ஐம்பது வெற்றி எடுக்கேல்லை. கெம்ப்டன் ஒரு மைலில நல்ல இடம் பிடிக்கவேணும், தப்பினால் வெளிவளையத்தில ஓடி இரண்டு நீளம் போயிடும். அதிலயே நாலு பவுண்டு கரைஞ்சிடும்.

தேவகி

ஐம்பதைத் தொடப் போகிற பையனா, இருபதை இப்போதுதான் தாண்டியவனா என்பதில் நிறைய வித்தியாசம் இருக்கிறது, குகன். 45 வெற்றி எடுத்தவன் என்றால் நான் ஐந்தையும் வரவு வைப்பேன். எனக்கு உறுத்துவது வேறு. 70, 67, 64 என்று ரேட்டிங் இறங்கிக்கொண்டே போவது சலுகையாகவும் இருக்கலாம், குதிரையே தேய்ந்துகொண்டு வருவதாகவும் இருக்கலாம். ஐந்து நீளம் நான்காகக் குறைந்திருக்கிறதே என்று நான் சொல்வேன். மூன்று பவுண்டு குறைத்துக் கொடுத்தும் ஒரு நீளம்தானே முன்னேறியது என்று நீங்கள் கேட்பீர்கள். இரண்டுக்கும் இடமிருக்கிறது.

சுந்தர்

அப்படியானால் எது?

தேவகி

இந்தக் கார்டிலிருந்து நான் சொல்லக்கூடியது, 2ஆம் எண்ணுக்கு இரண்டு பவுண்டு கையில் இருக்கிறது, ஆனால் கிளாஸ் 5இல் இன்னும் தன்னைக் காட்டவில்லை. 7ஆம் எண் அதைவிடக் கடினமான ரேஸ்களைப் பார்த்திருக்கிறது, ஆனால் இந்த வருடம் எதிலும் முன்னால் வரவில்லை. அந்தக் கிளாஸ் 4 ஓட்டத்தின் வீடியோவைப் போட்டுக் கடைசி இரண்டு பர்லாங்கைப் பாருங்கள். முடிவில் முன்னேறிக்கொண்டிருந்ததா, நின்றுபோனதா என்று பாருங்கள். நின்றுபோயிருந்தால் நான் 2ஐ எடுப்பேன்.

கிண்டி வாசு

அம்மா, என் 58.5 குதிரை போன தடவை 20-45 ரேட்டிங் ரேஸில் ஜெயித்தது. இந்த வாரம் 40-65இல் போட்டிருக்கிறார்கள். இதே கணக்கா?

தேவகி

அதே கணக்குதான் சார். போன தடவை எந்த ரேட்டிங்கில் ஓடியது, இப்போது எத்தனை புள்ளி ஏற்றியிருக்கிறார்கள், அந்த 58.5இல் ஜாக்கி சலுகை கழித்தாயிற்றா என்று பார்த்துப் போடுங்கள்.