புதுப்பிப்பு: பாட்டியின் சமையலறை ஷாட்

பிளெண்டரில் செய்யும் 3D ஷாட் பற்றி முன்பு இங்கே கேட்டிருந்தேன்: “சின்ன அறையில் பாட்டி தனியாக உட்கார்ந்திருக்கிறார். 25 மிமீ லென்ஸில் தனிமையே வரவில்லை, என்ன செய்வது?”

ஒருவர் 75 மிமீ போடச் சொன்னார். பாதி சரி. கேமராவை நகர்த்தாமல் லென்ஸை மட்டும் மாற்றினால் படம் நெருங்கி வெட்டுப்படும், அவ்வளவுதான். முக அமைப்பை மாற்றுவது தூரம். பாட்டி அதே அளவில் தெரிய 1.5 மீட்டரிலிருந்து 4.5 மீட்டருக்குப் பின்வாங்கினேன். கேமரா சுவருக்கு வெளியே போய்விட்டது.

சுவரை அழித்தேன். வெளி வெளிச்சம் உள்ளே கொட்டி, மங்கலான அறை வெளிறியது. அப்புறம் ஒரு அண்ணன் வழி சொன்னார்: சுவரை வைத்துக்கொண்டு, பிளெண்டரின் சைக்கிள்ஸில் அதன் Ray Visibility பகுதியில் Camera குறியை மட்டும் எடுக்க வேண்டும். இருட்டு திரும்பியது. பின்சுவரும் அடுப்பும் பாட்டியின் தோளோடு ஒட்டி நின்றன.

கேமரா நகர்வு: 144 ஃபிரேமில் 30 செமீ முன்னே. தொடக்கத்தில் தயங்கியதால், வேகம் சீராக இருக்க கீஃபிரேம்களை Linear ஆக்கினேன்.

தம் கார் விளம்பர ஷாட்டைக் காட்டி, கையில் பிடித்த நடுக்கம் சேர்க்கச் சொன்னார் இன்னொருவர். இங்கே அது பாட்டியை யாரோ ஒளிந்து பார்ப்பதுபோல் இருக்கிறது. அண்ணனோ லேசாக இருக்கலாம் என்கிறார். இரண்டையும் ரெண்டர் போட்டிருக்கிறேன்.