4 நாள் லீவு கேட்டால் 7 நாள் கழிகிறது, என்ன செய்யலாம்?

தாமிரபரணி:
சென்னையில் தனியார் வேலை. சனி, ஞாயிறு லீவு. இந்த வருடத்துக்கு (2026) 5 நாள் லீவுதான் மிச்சம். ஆயுத பூஜை அக்டோபர் 19, திங்கள்; அன்று அலுவலகம் விடுமுறை. மறுநாள் விஜயதசமிக்குக் கிடையாது. 22 வியாழன் திருநெல்வேலியில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான்தான், மடியில் உட்காரவைக்க வேண்டும். 16 வெள்ளி முதல் 22 வரை போட்டால் வேலைநாள் நான்குதானே? சிஸ்டம் 7 என்று காட்டுகிறது. தீபாவளிக்கும் ஊருக்குப் போக வேண்டும்.

வைகைக்கரை:
நான் அரசுப் பள்ளி ஆசிரியை. எங்களுக்குத் தற்செயல் விடுப்பில் நடுவில் வரும் ஞாயிறு, பண்டிகை நாள் கழியாது. சிஸ்டம் தப்பாகத்தான் கணக்குப் போடுகிறது, எச்.ஆரிடம் சொல்லுங்கள்.

பழைய பேரேடு:
சம்பளப் பிரிவில் பல வருடம் இருந்தவன். டீச்சர் சொல்வது அரசு வேலைக்குச் சரி. தனியாரில் பல இடங்களில் சாண்ட்விச் விதி உண்டு: விடுமுறைக்கு முன்னும் பின்னும் லீவு போட்டால் நடுவில் உள்ளதும் லீவாகிவிடும். உங்களுக்கு 17, 18, 19 மூன்றும் அப்படித்தான் மாட்டின.

அதனால் வெள்ளியை விட்டுவிடுங்கள். அன்று வேலைக்குப் போய்விட்டு ராத்திரி ரயில் ஏறுங்கள். 20, 21, 22 மட்டும் போட்டால் மூன்று நாள்தான் கழியும், தீபாவளிக்கு இரண்டு மிஞ்சும். வெள்ளியை வேறு வகை லீவாகப் போட்டுத் தப்பிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வகை மாறினாலும் சேர்த்து எண்ணும் நிறுவனங்கள் இருக்கின்றன, விதியைப் படிக்காமல் செய்யாதீர்கள். வியாழன் ராத்திரியே கிளம்பினால்தான் வெள்ளி காலை வேலைக்கு வர முடியும், அந்த டிக்கெட்டையும் பாருங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். 16ஆம் தேதி ரயிலுக்கு ஆகஸ்ட் 17 காலை 8 மணிக்கு உட்கார வேண்டும்.

மழைச்சாரல்:
தீபாவளிக்கு லீவே வேண்டாம். நவம்பர் 8 ஞாயிற்றுக்கிழமை வருகிறது. 2023இலும் ஞாயிறுதான் வந்தது, மறுநாள் திங்கள் அரசு விடுமுறை விட்டது.

பழைய பேரேடு:
விட்டது உண்மை. ஆனால் அது பள்ளிக்கும் அரசு அலுவலகத்துக்கும். பதிலுக்கு நவம்பர் 18 சனிக்கிழமை வேலைநாள் ஆக்கினார்கள். அறிவிப்பும் பண்டிகை நெருங்கிய பிறகுதான் வந்தது. தனியார் அதைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்றில்லை. 9ஆம் தேதிக்கு இப்போதே லீவு எழுதிக் கொடுங்கள், விடுமுறை விட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

தாமிரபரணி:
20, 21, 22 மாற்றிப் போட்டேன், 3 என்றுதான் காட்டுகிறது. ரொம்ப நன்றி அண்ணா. காலாண்டு விடுமுறை அதற்குள் முடிந்துவிடும், பையனுக்கு 21, 22 பள்ளி உண்டு. அவனை எப்படிக் கூட்டிப்போவது என்று வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

வைகைக்கரை:
இரண்டு நாள்தானே, முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிடுங்கள். அந்த வாரம் தேர்வு ஏதும் இருக்கிறதா என்று மட்டும் வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.