முடிந்தது 42 அல்ல, 18

ஆழ்துளை:
பிஎச்.டி. கைடுக்கு மாதாமாதம் அனுப்பும் முன்னேற்ற மெயிலில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நேர்ந்திருந்தால் சொல்லுங்கள்.

தர்மபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு, அதுதான் என் ஆய்வு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு குடிக்க அந்தத் தண்ணீர்தான். ஆனால் மாட்டுக்கும் வயலுக்கும் இன்னும் போர்வெல் தண்ணீர்தான் ஓடுகிறது. குழாய்த் தண்ணீர் வராத நாளில் வீட்டுக்கும் அதுவே. பல்லில் பழுப்புக் கறையோடு இருக்கும் பெரியவர்களை நான் போகும் ஊர்களிலெல்லாம் பார்க்கிறேன். அதனால் ஒவ்வொரு எண்ணும் சரியாக இருக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

ஜனவரி 20 முதல் 22 வரை 42 போர்களில் தண்ணீர் எடுத்தேன். பிப்ரவரி 1 அன்று எலக்ட்ரோடு வைத்து ஃப்ளோரைடு அளந்தேன். 7-ம் தேதி கைடு மேடத்துக்கு மெயில் போட்டேன்: "42 மாதிரிகள் முடிந்தன. எலக்ட்ரோடு பழசு, புதிது வாங்க வேண்டும். அடுத்து மே மாத மாதிரிகள்." அரை மணி நேரத்தில் ஒரே வரியில் பதில்: "இந்த 42-ல் எத்தனையை இன்றைக்கே அட்டவணையில் போடலாம்?"

நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஃப்ளோரைடு பத்து மடங்கு மாறும்போது எலக்ட்ரோடின் மின்னழுத்தம் எவ்வளவு மாறுகிறது என்பதுதான் ஸ்லோப். அன்று அது 51 மில்லிவோல்ட் என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். நல்ல நிலையில் இருந்தால் 57-க்கு மேலே இருக்கும். நடுநடுவே லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ளோரைடு உள்ள ஸ்டாண்டர்டு கரைசலை வைத்துப் பார்த்திருந்தேன். தொடக்கத்தில் 1.00, 18-வது மாதிரிக்குப் பிறகு 1.04, கடைசியில் 1.31. அதாவது 18 மாதிரி வரை அளவு நிலையாக இருந்தது, அதற்குப் பிறகு எங்கோ நழுவியது. எங்கே நழுவியது என்று இப்போது சொல்ல வழியில்லை. இதெல்லாம் நோட்டில் இருந்தும் மெயிலில் "முடிந்தன" என்று எழுதிவிட்டேன். எடுத்தது, அளந்தது, சரிபார்த்தது மூன்றையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடைத்துவிட்டேன்.

அன்று இரவே மெயிலை மாற்றி எழுதினேன். அனுப்பியது இது:

"மேடம், முடிந்தது: மாதிரி 1 முதல் 18 வரை ஃப்ளோரைடு, ஸ்டாண்டர்டோடு ஒத்துப்போகிறது. 42 மாதிரிக்கும் கால்சியம், மெக்னீசியம், சோடியம், பொட்டாசியம், பைகார்பனேட், குளோரைடு, சல்ஃபேட் முடிந்தன.

தடைபட்டது: போர்களின் ஆழம், பாறை விவரம் கேட்டு அலுவலகத்துக்கு எழுதிய கடிதம் ஜனவரி 12 முதல் துறைத் தலைவர் கையெழுத்துக்காக இருக்கிறது. இரண்டு முறை போய்க் கேட்டேன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நகரும். ஆழம் தெரியாமல் மே மாதத்துக்கு எந்தப் போர்களைத் தேர்வது என்று முடிவெடுக்க முடியாது.

திட்டம்: மாதிரி 19 முதல் 42 வரை ஃப்ளோரைடை மறுபடி அளப்பது. ஃப்ளோரைடுக்கு மாதிரி தாங்கும் 28 நாள், முதல் நாள் எடுத்ததற்குப் பிப்ரவரி 17-ல் முடிகிறது, அதற்குள் செய்துவிடுவேன்.

இழந்தது: நைட்ரேட். 48 மணி நேரத்துக்குள் அளக்க வேண்டும். அதை அளக்கும் கருவியான ஸ்பெக்ட்ரோ 27-ம் தேதிதான் கிடைத்தது. 42-ம் போயிற்று."

கடைசித் தலைப்பை வைக்கலாமா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்துத்தான் வைத்தேன். முதல் மெயிலில் எலக்ட்ரோடு தடையாக இருந்தது, இதில் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். அதைக் கீழே சொல்கிறேன்.

முதலாண்டு:
அக்கா, எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டோரல் கமிட்டி என்கிற டி.சி. மீட்டிங் அறிக்கைக்குப் படிவமே இருக்கிறது. அதில் தடை என்று கட்டமே கிடையாது. "செய்த பணி, செய்யவிருக்கும் பணி" அவ்வளவுதான். நீங்கள் எழுதியதை அந்தப் படிவத்தில் எங்கே போடுவது?

ஆழ்துளை:
தம்பி, நான் சொல்வது மேடத்துக்கு மட்டும் போகிற மாத மெயில். டி.சி. அறிக்கை கோப்பில் கிடக்கும். அதில் எப்படி எழுதுவது என்பதை உங்கள் கைடிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை:
நைட்ரேட் போய்விட்டது என்று ஏன் கைவிட வேண்டும்? மற்ற அயனிகள் எல்லாம் அளந்திருக்கிறீர்களே. நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் சமமாகத்தானே வர வேண்டும்? குறைகிறதுதான் நைட்ரேட். கணக்குப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் வருகிற மாதிரிகளுக்கு ஃப்ளோரைடும் சரி என்றே வைத்துக்கொள்ளலாம், மறுபடி அளக்கவும் வேண்டாம்.

ஆழ்துளை:
எனக்கும் அந்த ஆசை வந்தது. 17-வது மாதிரிக்குப் போட்டும் பார்த்தேன். நேர் அயனிகள் கூட்டினால் 13.1 மில்லி ஈக்விவலன்ட், எதிர் அயனிகள் 11.2. வித்தியாசம், இரண்டின் கூட்டுத்தொகையில் 7.8 சதவீதம். நைட்ரேட் 62 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொண்டால் எதிர்ப்பக்கம் 12.2 ஆகி, வித்தியாசம் 3.6-க்கு இறங்குகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

கரைசல்:
இருபது வருடம் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நின்றவன் சொல்கிறேன், அந்த அழகை நம்பாதீர்கள். கணக்குப்பிள்ளை சொன்னதில் பாதி சரி. எதிர்ப்பக்கம் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று சமநிலைக் கணக்கு காட்டும். எது விடுபட்டது, எவ்வளவு என்று காட்டாது. சோடியத்தில் செய்த பிழை, பைகார்பனேட் டைட்ரேஷனில் செய்த பிழை எல்லாம் அந்த மிச்சத்தில்தான் போய் விழும். நேர்ப்பக்க 13.1-ல் வெறும் 2 சதவீதம் பிசகினாலே 0.26 மில்லி ஈக்விவலன்ட். அதை நைட்ரேட்டாக மாற்றினால் 16 மில்லிகிராம். குடிநீருக்கான வரம்பே 45. இப்படிக் கண்டுபிடித்த 62-ஐ வைத்து ஒரு ஊர்த் தண்ணீரைக் கெட்டது என்று எழுத முடியுமா?

ஃப்ளோரைடு விஷயம் இன்னும் மோசம். 3.8 மில்லிகிராம் ஃப்ளோரைடு என்றால் 0.2 மில்லி ஈக்விவலன்ட்தான். அது இரண்டு மடங்காகத் தவறினாலும் உங்கள் வித்தியாசம் ஒரு சதவீதமும் அசையாது. சமநிலை வந்துவிட்டது, அதனால் ஃப்ளோரைடு சரி என்று எழுதியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அந்த வரியை "முடிந்தது" என்பதற்குச் சாட்சியாக வைக்காதீர்கள்.

இன்னொன்று. பாட்டில்களை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் அளந்தீர்களா? ஸ்டாண்டர்டும் மாதிரியும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும்.

ஆழ்துளை:
ஆமாம் சார். முதல் 18-ஐக் காலையிலேயே வெளியே எடுத்து வைத்திருந்தேன். மீதியை மதியம் எடுத்து உடனே அளந்தேன். நீங்கள் கேட்கும் வரை இது எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கடைசியில் வைத்த ஸ்டாண்டர்டு மேசை மேலேயேதான் இருந்தது, அதுவும் 1.31 காட்டியதே.

கரைசல்:
அப்படியானால் எலக்ட்ரோடும் நழுவியிருக்கிறது, குளிர்ச்சியும் சேர்ந்திருக்கலாம். இரண்டையும் பிரிக்க முடியாது. மறுபடி அளப்பதுதான் வழி.

ஆழ்துளை:
எலக்ட்ரோடு ஏன் தடையில் இல்லை என்று சொல்கிறேன் என்றேனே. முதல் மெயிலுக்கு வந்த அந்த ஒரு வரிக்குப் பிறகு மேடம் போனிலும் கூப்பிட்டார். "கிரிஸ்டலைத் துலக்கினாயா? உள்ளே ஊற்றும் கரைசல் எந்த மட்டத்தில் இருக்கிறது?" நான் இரண்டையும் பார்க்கவே இல்லை. கரைசல் பாதிக்குக் கீழே கிடந்தது. நிரப்பினேன். ஃப்ளோரைடு பற்பசையை விரல் நுனியில் எடுத்துக் கிரிஸ்டலை மெல்லத் தேய்த்துக் கழுவி, ஸ்டாண்டர்டில் ஊற வைத்தேன். ஸ்லோப் 57.4. கொட்டேஷன் மூன்று வாங்கி, கோப்பு நகர்ந்து, புதிது வந்து சேர்வதற்குள் 28 நாள் தாண்டியிருக்கும். என் கையால் செய்யக்கூடியதைச் செய்யாமல் தடை என்று எழுதிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அதனால் இரவு எழுதிய மெயிலில் அது தடையிலிருந்து திட்டத்துக்குப் போய்விட்டது.

சுவடிக்கட்டு:
நான் தமிழ் இலக்கியம். ஓலைச்சுவடிப் பதிப்பு. என் கதையும் இதேதான். "நூற்றிருபது ஏடு படித்து முடித்தேன்" என்று ஐயாவுக்கு எழுதுவேன். அவர் வரச் சொல்லி ஒரு ஏட்டைக் கையில் கொடுத்து, "இந்த இடத்தில் ரகரமா, காலா?" என்பார். ஓலையில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும், புள்ளியும் இருக்காது. நான் பொருள் பார்த்து ஊகித்திருப்பேன், ஆனால் அது ஊகம் என்று குறித்திருக்க மாட்டேன். இப்போது படியெடுத்தது, இரண்டாம் படியோடு ஒப்பிட்டது, ஐயம் உள்ள இடம் என்று பிரித்து எழுதுகிறேன். இரண்டாம் படி வேறு ஊரில் ஒரு நூலகத்தில் இருக்கிறது, அனுமதிக்கு நான்கு மாதமாகக் காத்திருக்கிறேன். என் தடை பற்பசைக்கு நகராது.

கைடு பக்கம்:
ஆறு பேருக்கு வழிகாட்டுகிறேன். மெயிலைத் திறந்ததும் முதலில் தடையைத்தான் படிப்பேன், ஏனென்றால் அங்கேதான் எனக்கு வேலை இருக்கிறது. எந்த நாளிலிருந்து, யாரிடம், நான் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் இருந்தால் அன்றே போன் எடுப்பேன். "தாமதமாகிறது மேடம்" என்று மட்டும் இருந்தால் எதுவும் செய்ய முடியாது. ஆழ்துளை எழுதிய கடித விஷயம் எனக்கு வந்திருந்தால் மறுநாளே துறைத் தலைவர் அறைக்குப் போயிருப்பேன்.

ஆனால் "இழந்தது" என்று தனித் தலைப்பு வேண்டுமா என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து. அதைத் திட்டத்தின் கீழ் "மே மாதம் நைட்ரேட் இப்படி எடுப்போம்" என்று எழுதினால் போதும். இழப்பை மட்டும் தனியாகப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

சுவடிக்கட்டு:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் மேடம். திட்டத்துக்குள் போட்டுவிட்டால், ஜனவரி நைட்ரேட் இல்லவே இல்லை என்பது மூன்று மாதத்தில் எல்லோருக்கும் மறந்துவிடும். அத்தியாயம் எழுதும்போதுதான் அந்த ஓட்டை தெரியும்.

கரைசல்:
மே மாதத்துக்கு ஒரு வழி. நைட்ரேட்டுக்கென்று தனி பாட்டிலில், எடுத்த இடத்திலேயே கந்தக அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே கொண்டுவந்து குளிரில் வையுங்கள், 28 நாள் தாங்கும். ஆனால் அப்போது நைட்ரைட்டும் சேர்ந்துதான் கிடைக்கும், இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. அதே பாட்டிலில் சல்ஃபேட்டும் பார்க்க முடியாது. மெயிலில் அதையும் எழுதிவிடுங்கள்.

ஆழ்துளை:
நன்றி சார், எழுதிவிடுகிறேன். பிப்ரவரி 14 அன்று 24 மாதிரிகளையும் மறுபடி அளந்தேன். காலையிலேயே வெளியே எடுத்து வைத்து, எட்டு மாதிரிக்கு ஒருமுறை ஸ்டாண்டர்டு வைத்தேன். கடைசியில் 1.03. முதல் முறை இந்த 24-ல் குடிநீர் வரம்பான 1.5 மில்லிகிராமைத் தாண்டியதாக 11 இருந்தன. இப்போது 7. 31-வது மாதிரி 1.9-லிருந்து 1.4-க்கு வந்துவிட்டது. அது ஒரு தொடக்கப்பள்ளிக்குப் பக்கத்துப் போர். பழைய எண்ணோடு ஊருக்குள் போய்ப் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

துறைத் தலைவர் கையெழுத்து வந்துவிட்டது. கடிதம் இப்போது அலுவலகத்தில் இருக்கிறது, அதனால் தடை அப்படியே, இடம் மட்டும் மாறியிருக்கிறது. "இழந்தது" என்ற தலைப்பைப் பற்றி என் கைடு மேடம் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. மார்ச் மெயிலிலும் வைக்கப் போகிறேன்.