ஆயத்துல் குர்ஸி: ஒரே இடத்தில் தடுமாறுகிறேன், வழி சொல்லுங்கள்

அஸ்ஸலாமு அலைக்கும். ஆயத்துல் குர்ஸியை மனப்பாடம் செய்து வருகிறேன். பஜ்ருக்குப் பிறகு 10 நிமிடம்தான் கிடைக்கிறது. சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பார்த்து 10 முறை, பார்க்காமல் 5 முறை ஓதுகிறேன். தனித்தனியாக எல்லாம் சரியாக வருகிறது. சேர்த்து ஓதும்போதுதான் சிக்கல். "வலா யுஹீதூன" வர வேண்டிய இடத்தில் நாக்கு "வலா யஊதுஹு"வுக்குத் தாவிவிடுகிறது. நடுவிலுள்ள "வஸிஅ குர்ஸிய்யுஹு" அப்படியே விடுபட்டுப் போகிறது. இரண்டும் "வலா" என்றே தொடங்குவதுதான் காரணம்.

அதனால் இப்போது முந்தைய துண்டின் கடைசிச் சொல்லோடு சேர்த்தே அடுத்ததை ஓதுகிறேன்: "கல்ஃபஹும், வலா யுஹீதூன", "வல்அர்ள், வலா யஊதுஹு". பரவாயில்லை, ஆனால் தொழுகையில் மறுபடி தடுமாற்றம். மனனம் செய்தவர்களே, இந்த இணைப்புகளை மட்டும் தனியாக ஓதிப் பழகுவதா, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்தே வருவதா?