62 பேருக்கும் "செமஸ்டரில் எவ்வளவு வாங்கணும்": ஒரே ஃபார்முலாவில் போட்டபோது நடந்தது

ஈசிஇ டீச்சர்:
கிளாஸ் அட்வைசராக இருக்கிறேன். இன்டர்னல் மார்க் முடிவானதும், ஒவ்வொரு பிள்ளையும் செமஸ்டர் தேர்வில் குறைந்தது எவ்வளவு எடுத்தால் பாஸ் என்று ஒரு பட்டியல் கொடுப்பது என் வழக்கம். "எனக்கு 30 போதும்" என்று தப்புக்கணக்கு போட்டு அரியர் வைத்தவர்களைப் பார்த்துவிட்டுத்தான் இதைத் தொடங்கினேன்.

எங்களுடையது அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி, 2021 ரெகுலேஷன். தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் 60. தேர்வு 100-க்கு நடக்கும், அதை 60-ஆகச் சுருக்குவார்கள். பாஸ் ஆக மொத்தம் 50 வரணும், கூடவே தேர்வில் மட்டும் 100-க்கு 45-ஆவது எடுத்திருக்கணும். பிள்ளைகள் மறந்துபோவது இந்த இரண்டாவது நிபந்தனையைத்தான்.

இத்தனை நாள் ஒவ்வொரு வரியாக இழுத்துக்கொண்டிருந்தேன். இந்த முறை கூகுள் ஷீட்ஸில் ஒரே ஃபார்முலாவாகப் போடலாம் என்று C2-வில் இதை எழுதினேன்:

```
=ARRAYFORMULA(MAX(45,ROUNDUP((50-B2:B63)*100/60,0)))
```

C2-வில் 65 வந்தது, கீழே எல்லாம் காலி. சரி, இழுத்துவிடணும் போல என்று கடைசி வரைக்கும் இழுத்தேன். C3-லிருந்து எல்லோருக்கும் 84! அவசரத்தில் சரியாகப் பார்க்காமல் வகுப்புக் குழுவில் போட்டுவிட்டேன். இன்டர்னல் 31 வாங்கிய பெண் நேரில் வந்து, "மேம், நான் 84 எடுத்தாத்தான் பாஸா?" என்று கேட்டபோது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளுக்கு 45 போதும். உடனே பட்டியலை எடுத்துவிட்டேன். ஆனால் அந்த 84 எங்கிருந்து வந்தது என்று இன்னும் பிடிபடவில்லை.

மெக்கானிக்கல் சீனியர்:
எக்செலில் கோல் சீக் இருக்கிறதே, அதைப் பயன்படுத்துங்கள் மேடம். மொத்தம் 50 வரணும் என்று கொடுத்தால் தேவையான மார்க்கை அதுவே கண்டுபிடித்துவிடும். நான் பல வருஷமாக அப்படித்தான் செய்கிறேன், விடை தப்பியதே இல்லை.

ஈசிஇ டீச்சர்:
சார், அது ஒரு தடவைக்கு ஒரு செல்லைத்தானே பார்க்கும்? 62 தடவை ஓட்டணும். இன்டர்னலில் ஒரு மார்க் மாறினால் அந்த வரிக்குத் திரும்ப ஓட்டணும். அந்த 45 நிபந்தனையும் அதற்குத் தெரியாது.

மெக்கானிக்கல் சீனியர்:
ஆமாம், 45-ஐ நான் கண்ணால் பார்த்துத்தான் திருத்துவேன். எனக்கு 20 பேர்தான் என்பதால் சமாளிக்க முடிந்தது.

ஷீட் பிரியன்:
84-க்கு விடை இருக்கிறது டீச்சர். MAX-இடம் ஒரு பட்டியலைக் கொடுத்தால் வரிக்கு வரி ஒப்பிடாது. மொத்தப் பட்டியலிலும் பெரியது எதுவோ அந்த ஒரு எண்ணைத்தான் தரும். உங்கள் வகுப்பில் மிகக் குறைந்த இன்டர்னல் 11 ஆக இருக்கும் என்று நினைக்கிறேன். 50-இல் 11 போனால் 39, அதை 60-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 65. முதல் செல்லில் வந்தது அவருடைய மார்க்.

ஒரு வரி கீழே இழுத்ததும் B2:B63 என்பது B3:B64 ஆகிவிட்டது. B64 காலி. காலி செல்லைக் கழித்தல் கணக்கில் போட்டால் அது பூஜ்யம். இன்டர்னல் பூஜ்யம் என்றால் 83.33, மேலே தள்ளினால் 84. இல்லாத 63-வது மாணவரின் மார்க்கைத்தான் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறீர்கள். இனி எந்த ஷீட்டில் 84 வரிசையாக வந்தாலும் காலி வரி உள்ளே போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஈசிஇ டீச்சர்:
11 சரிதான்! 38-வது வரியில் இருக்கிறான்.

சிவில் லெக்சரர்:
MAX வேண்டாம், IF போடுங்கள். இன்டர்னல் 23 இருந்தால் தேவையான மார்க் சரியாக 45-இல் நிற்கும். அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் 45-தான். எனவே 23-ஐ எல்லையாக வைத்தால் போதும்:

```
=ARRAYFORMULA(IF(B2:B63>=23,45,
 ROUNDUP((50-B2:B63)*100/60,0)))
```

IF வரிக்கு வரி பார்க்கும். C2-வில் மட்டும் போடுங்கள், இழுக்கவே வேண்டாம். கீழே உள்ள செல்கள் காலியாக இருக்கணும், அவ்வளவுதான்.

பிளஸ் டூ பிசிக்ஸ்:
எங்களுக்கு தியரி 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. மொத்தம் 35 வரணும், தியரியில் மட்டும் 15 வேண்டும். நான் `=MAX(15,35-B2-C2)` என்று போடுகிறேன், சரியாக வருகிறது. நீங்கள் ஏன் 100/60 என்று பெருக்குகிறீர்கள்? அது இல்லாமலே வருமே?

ஷீட் பிரியன்:
சார், உங்கள் பையன் 70-க்கு எழுதுகிறான், 70-ஆகவே சேர்கிறது. இவர்கள் 100-க்கு எழுதி 60-ஆகச் சுருக்குகிறார்கள். இன்டர்னல் 18 என்றால் 32 குறைகிறது. 60-இல் 32 வேண்டும் என்றால் விடைத்தாளில் 54 எடுக்கணும். "32 போதும்" என்று அவனிடம் சொல்லிவிட்டால் அவன் ஃபெயில்.

ஈசிஇ டீச்சர்:
சிவில் சார் சொன்னதைப் போட்டேன், அழகாக நிரம்பியது. ஆனால் ஒரு சந்தேகம். 18 எடுத்த மூன்று பேரில் இரண்டு பேருக்கு 54 வருகிறது, ஒருவனுக்கு 45 வருகிறது.

ஷீட் பிரியன்:
அந்த ஒரு 18 செல்லின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, பாருங்கள்.

ஈசிஇ டீச்சர்:
ஆமாம்! மற்றதெல்லாம் வலது பக்கம். அந்தப் பையன் மார்க்கைப் போர்ட்டலிலிருந்து தனியாக காப்பி செய்து போட்டேன்.

ஷீட் பிரியன்:
அது எண் இல்லை, எழுத்து. எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால் எழுத்துதான் எப்போதும் பெரியது என்று ஷீட் எடுத்துக்கொள்ளும். அதனால் "18" என்ற எழுத்து 23-ஐ விடப் பெரியதாகி, 45 கொடுத்துவிட்டது. யாருக்காவது AB என்று போட்டிருந்தாலும் சத்தமில்லாமல் 45 வரும். உங்கள் பழைய MAX ஃபார்முலாவாவது #VALUE! என்று கத்தியிருக்கும். 84 வந்ததால் அந்தப் பெண் கேட்டாள். 45 வந்தால் எந்தப் பையனும் வந்து கேட்கமாட்டான். எனக்குப் பயம் அதுதான்.

நான் இப்படித்தான் போடுவேன்:

```
=MAP(B2:B63,LAMBDA(m,IF(ISNUMBER(m),
 MAX(45,ROUNDUP((50-m)*100/60,0)),"பார்க்க")))
```

MAP ஒவ்வொரு மார்க்காக எடுத்துக் கொடுப்பதால் உள்ளே MAX-க்கு ஒரே ஒரு மாணவர்தான் தெரிவார். எண் இல்லாத இடத்தில் "பார்க்க" என்று நிற்கும்.

சிவில் லெக்சரர்:
எழுத்து விஷயம் எனக்குத் தெரியாது. போன செமஸ்டர் பட்டியலைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். எங்கள் துறை கம்ப்யூட்டரில் பழைய எக்செல், அதில் MAP இல்லையே?

ஷீட் பிரியன்:
அப்போது சாதாரண `=MAX(45,ROUNDUP((50-B2)*100/60,0))` போட்டு இழுப்பதே நல்லது. அருமையான ஃபார்முலா அது. எதைப் போட்டாலும் பக்கத்தில் D2-வில் `=B2+C2*60/100` என்று திருப்பிக் கூட்டிப் பாருங்கள். எந்த வரியிலும் 50-க்குக் கீழே வரக்கூடாது. அந்த 18-க்கு 45 வந்த வரி, 45 என்று காட்டிக்கொடுத்திருக்கும்.

மெக்கானிக்கல் சீனியர்:
ஒன்று கேட்கணும். 18 எடுத்தவன் 53 எடுத்தால் மொத்தம் 49.8. அதை 50 ஆக்கிவிடுவார்களே, அப்படியானால் 53 போதாதா?

ஈசிஇ டீச்சர்:
ஆக்குவார்கள் என்றுதான் எங்கள் துறையிலும் பேச்சு. எழுத்தில் நான் பார்க்கவில்லை சார். என் பட்டியலில் 54-ஆகவே இருக்கட்டும். புதிய பட்டியலை இன்று சாயங்காலம் போட்டேன், அந்தப் பெண்ணுக்கு மட்டும் முதலில் போன் செய்து 45 என்று சொல்லிவிட்டேன்.